பக்க எண் இல்லாத வரி

மருத்துவமனையின் புகார்ப் பிரிவில் பதினேழு வருஷமாகப் பதில் கடிதம் எழுதும் அந்த அம்மாளுக்கு 'பக்க எண் அக்கா' என்று பட்டப்பெயர். எழுதும் ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் அது நோயாளி கோப்பில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பென்சிலால் குறிப்பாள். கண்காணிப்பாளர் கையெழுத்துப் போட்ட பிறகு அழிப்பாள். பக்கம் இல்லாத வரி கடிதத்தில் இருக்காது. மூக்கின் மேல் கோபம் வருகிறவள்தான். ஆனால் கோபம் ஏற ஏற அவள் கையெழுத்து அழகாகும். அன்று முத்து முத்தாக இருந்தது.

புகார் எழுதியவள் இறந்துபோனவரின் மகள். வயிற்று வலியோடு காலையில் அழைத்து வந்த அப்பாவை டாக்டர் பார்க்கவே வெகு நேரமானது, மூன்றாம் நாள் அவர் போய்விட்டார். அது வழக்கமான புகார்தான். கடைசிப் பத்தி வேறு. மருத்துவமனை கொடுத்த இறப்புச் சுருக்கத்தில் 'சேர்க்கை 11.50' என்று இருந்ததாம். "ஒன்பது மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினியே, பன்னிரண்டு மணி வரைக்கும் அப்பனை எங்கே வச்சு சுத்தினே?" என்று பெரியப்பா சொந்தக்காரர்கள் நடுவில் கேட்டாராம். வீட்டில் யாரும் அவளோடு பேசுவதில்லை. 'நான் எத்தனை மணிக்கு வந்தேன் என்று மட்டுமாவது சொல்லுங்கள்' என்று முடித்திருந்தாள்.

பக்க எண் அக்காவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வார்டில் படுக்கை கிடைக்கும்போதுதான் சேர்க்கை எண் விழும். சுருக்கத்தில் வரும் நேரம் அதுதான். வாசலுக்கு வந்த நேரம் அவசரப் பிரிவின் முதல் தாளில் இருக்கும். கட்டடத்துக்குள் இருக்கும் எல்லாருக்கும் இது தெரியும். வெளியே இருப்பவர்களுக்கு எப்படித் தெரியும்?

கோப்பைப் புரட்டினாள். முதல் பக்கம்: வருகை 9.14, மகள் உடன். நர்ஸின் கையெழுத்து: கடும் வயிற்று வலி, காய்ச்சல், அவசரமாகப் பார்க்க வேண்டும். இரண்டாம் பக்கம்: 9.20, டாக்டருக்குச் சொல்லப்பட்டது. 10.05, மீண்டும் சொல்லப்பட்டது. 10.50, மீண்டும். மூன்றாம் பக்கம்: 11.35, டாக்டர் பார்த்தார். நடுவில் என்ன நடந்தது என்று ஒரு எழுத்து இல்லை. அப்படியே எழுதி, பென்சில் எண் போட்டு நிர்வாக அதிகாரியின் பார்வைக்கு அனுப்பினாள்.

மதியம் அவர் திருத்திய நகலோடு வந்தார். அவளைவிடப் பத்து வயது சின்னவர். அவள் எழுதிய நேரங்களைக் காணோம். 'அன்று கூட்டம் அதிகமாக இருந்ததால் சற்றுத் தாமதம் ஏற்பட்டது. நோயாளி 11.50-க்குச் சேர்க்கப்பட்டு உடனடியாகச் சிகிச்சை அளிக்கப்பட்டது.'

"கூட்டம்னு எந்தப் பக்கத்துல இருக்கு சார்?"

"அக்கா, எப்பவும் கூட்டம்தானே? இதுக்கெல்லாமா பக்கம்?"

"இருந்திருக்கலாம். யாரும் எழுதலையே. 11.50 பொய்யில்லை. ஆனா அதை மட்டும் எழுதினா அந்தப் பொண்ணு தலையில நாமே பழியைக் கட்டுறோம்."

"நீங்க நம்ம பக்கமா, அவங்க பக்கமா?"

"நான் ரெண்டாம் பக்கம் சார். மூணு தடவை கூப்பிட்டும் ஆள் வரல, அந்தப் பக்கம்."

பூசி மெழுகுவதையே தொழிலாக வைத்திருப்பவனிடம் என்ன பேசுவது! அவள் இரண்டு நகலையும் கோப்பையும் அள்ளிக்கொண்டு நேராகக் கண்காணிப்பாளர் அறைக்கே போனாள்.

கண்காணிப்பாளர் பேனாவைத் திறந்து திருத்திய நகலை முதலில் படித்தார். 'கூட்டம்' என்ற வரியில் நின்றது பேனா.

"இதுக்கு நம்பர் காணோமே?"

"கிடையாது சார். அது அவர் மனசுல இருந்து வந்த வரி."

அவர் கோப்பைத் தானே புரட்டினார். இரண்டாம் பக்கத்தில் வெகு நேரம் இருந்தார். பிறகு அவளுடைய நகலை எடுத்து, கடைசியில் தன் கையாலேயே எழுதினார்: 'மூன்று முறை தெரிவித்தும் மருத்துவர் வராததற்கான காரணம் குறிப்பில் இல்லை. அவரிடம் விளக்கம் கேட்கப்பட்டுள்ளது. இந்தத் தாமதத்துக்காக வருந்துகிறோம்.' உடனே அந்த விளக்கக் கடிதத்தையும் தட்டச்சுச் செய்யச் சொல்லிக் கையெழுத்திட்டார்.

மறுநாள் மகள் நேரில் வந்தாள். நின்றுகொண்டே கடிதத்தைப் படித்தாள். '9.14'-இல் விரலை வைத்தவள் எடுக்கவில்லை.

"அப்ப நான் லேட் பண்ணல."

"நீங்க லேட் பண்ணலம்மா. நாங்கதான் பண்ணினோம்."

அழுவாள் என்று பார்த்தால், அந்தப் பெண் முகம் சிவந்துவிட்டது.

"மூணு தடவை கூப்பிட்டிருக்காங்க. நான் பக்கத்துலயே நின்னுட்டிருந்தேன் மேடம். அப்பா, 'கத்தாதேம்மா, வருவாங்க'ன்னார். நானும் கத்தல. கத்தியிருக்கணும்."

அந்த வரிக்கு எந்தக் கோப்பிலும் பக்கம் கிடையாது. பக்க எண் அக்கா ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவள் முன்னால் வைத்தாள்.

"இப்பச் சொன்னதை எழுதிக் கையெழுத்துப் போடுங்க. கோப்புல சேர்த்து நம்பர் போட்டுடறேன்."