கடைசி வரிக்குத் தள்ளிய உண்மை

திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு செல்போன் கடைக்கு மேலே இருக்கிறது எங்கள் அலுவலகம். வெளிநாட்டில் படிக்கப் போகிற பிள்ளைகளுக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுப்போம். ஃபைல் சரிபார்ப்பதோடு, முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் போடும் விளம்பரங்களுக்கு வாசகம் எழுதுவதும் என் வேலை.

ஒரு விளம்பரத்துக்கு நான் எழுதியது நேரானது. படிப்பும் பல்கலைக்கழகமும் தேர்ந்தெடுக்க உதவுவோம், விண்ணப்பம் நிரப்புவோம், ஏன் இந்தப் படிப்பு என்று பிள்ளைகள் எழுதும் நோக்கக் கட்டுரையைத் திருத்துவோம், விசா ஃபைல் தயார் செய்வோம். எங்கள் கட்டணம் இருபத்தைந்தாயிரம். பல்கலைக்கழகக் கட்டணம், விசா கட்டணம், மருத்துவப் பரிசோதனை எல்லாம் தனி. இவற்றுக்கு முன்னால், முதல் வரியாக, ‘இடம் தருவது பல்கலைக்கழகத்தின் முடிவு, விசா தருவது விசா அதிகாரியின் முடிவு, இரண்டுக்கும் நாங்கள் உறுதி தருவதில்லை’ என்று போட்டிருந்தேன்.

முதலாளி படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஏம்மா, எடுத்த எடுப்புல இப்படிச் சொன்னா எவன் படியேறி வருவான்? அடியில போடு. போடலைன்னு யாரும் சொல்ல முடியாதுல்ல.”

போட்டேன். கட்டணத்துக்கும் கீழே, ஹேஷ்டேக் கும்பலுக்கு முந்தின வரியில். மேலே அவர் தேர்ந்தெடுத்த படம்: விசா கிடைத்த பிள்ளைக்கு மாலை போட்டு, கையில் பாஸ்போர்ட்டைக் கொடுத்து எடுப்பாரே, அது. விசா மறுக்கப்பட்ட பிள்ளைகளின் ஃபைல்கள் பீரோவின் அடித்தட்டில் கிடந்தன. அவர்களுக்கு மாலையும் இல்லை, படமும் இல்லை. ஆனாலும் உண்மையைத்தான் எழுதியிருக்கிறோம் என்று நான் நிம்மதியாக மதியச் சோறு சாப்பிட்டேன். அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

இரண்டு வாரம் கழித்து, ரெட்டியார்சத்திரம் பக்கமிருந்து ஒரு அப்பாவும் மகளும் வந்தார்கள். மல்லிகை விவசாயம். முதலாளி ஏதோ கல்லூரிக் கூட்டத்தில் பேசப் போயிருந்தார். அவர் இருந்திருந்தால் என்னைப் பேச விட்டிருக்க மாட்டார். அப்பா போனை நீட்டி எங்கள் விளம்பரத்தைக் காட்டினார். விசாவுக்கு வங்கியில் பணம் காட்ட வேண்டுமென்று பக்கத்து ஊரில் சொன்னார்களாம். கிணற்றோடு சேர்ந்த ஒன்றரை ஏக்கரை ஒட்டன்சத்திரத்துக் காய்கறி மண்டிக்காரர் ஒருவர் கேட்கிறாராம். நாளைக்கு முன்பணம் வாங்கி அக்ரிமென்ட் போடப் போகிறாராம். அதற்குள் என்னென்ன சான்றிதழ் வேண்டும் என்று கேட்கத்தான் வந்திருந்தார்.

பல்கலைக்கழகத்திலிருந்து இடம் வந்துவிட்டதா என்று கேட்டேன். இன்னும் விண்ணப்பமே போடவில்லை என்றாள் மகள்.

“இடம் கிடைக்குமான்னே இன்னும் தெரியாதுய்யா. கிடைச்சாலும் விசா கிடைக்கும்னு நாங்க சொல்ல முடியாது. வித்துராதீங்க. மொதல்ல இடம் வரட்டும். கல்விக்கடன் ஒப்புதலையும் பணக் கணக்குல காட்டலாம், பேங்க்ல கேளுங்க.”

அவர் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மகள் வாங்கி, ‘மேலும்’ என்று இருந்த இடத்தைத் தொட்டாள். வாசகம் விரிந்து கீழே ஓடியது. கடைசியில் அந்த வரி. அதை அவள் வாய்விட்டுப் படித்தாள். அவர் முகம் சுருங்கியது.

“இம்புட்டு முக்கியமானதை ஏம்மா அடியில போட்டீக?”

முதலாளி சொன்னார் என்று சொல்லவா? எழுதிய கை என்னுடையது. இவ்வளவு நாளாக முதலாளிமேல்தான் தப்பு என்று நினைத்திருந்தேன், வெட்கங்கெட்டவள்.

அவர்கள் படியிறங்கியதும் அந்த வரியை வெட்டி, படத்துக்கு நேர் கீழே, எவரும் எதையும் தொடாமல் கண்ணில் படுகிற மாதிரி போட்டேன். மாலையில் முதலாளி வந்து தாம்தூம் என்று குதித்தார். விளம்பரத்தை எடுத்துப் பாருங்கள், அதில் பொய் இருந்தால் வேலையை விட்டே போகிறேன் என்று நானும் கத்தினேன். அவர் கண்ணாடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அந்தப் பெண்ணுக்கு இடம் கிடைத்தது. கல்விக்கடனும் கிடைத்தது. விசாதான் முதல் தடவை கிடைக்கவில்லை. அவளுடைய அப்பா போன் செய்தார். திட்டத்தான் போகிறார் என்று பயந்துகொண்டே எடுத்தேன்.

“கெணறும் நெலமும் கையில இருக்கும்மா. மறுபடி விசாவுக்கு எழுதிப் பாக்கட்டும். அந்த வரி இப்ப மேலதானே இருக்கு?”

இருக்கிறதய்யா என்று சொல்லிக்கொண்டே போனை ஸ்பீக்கரில் போட்டு, எங்கள் முகநூல் பக்கத்தைத் திறந்தேன். மேலே மாலை போட்ட ஒரு புதுப் பையன் சிரித்துக்கொண்டிருந்தான். படத்துக்குக் கீழே அந்த வரி இல்லை, வாசகத்தை முதலாளி மாற்றியிருந்தார். ‘மேலும்’ என்பதைத் தொட்டு, அந்த வரியைத் தேடி விரலால் கீழே தள்ளிக்கொண்டே போனேன். “மேலதானேம்மா?” என்று மறுமுனையில் அவர் மறுபடி கேட்டார்.