ஓடைக்கு வாங்கிய தடை

மனுவில் எழுதியது முழுக்க உண்மைதான். ஒன்றை மட்டும் எழுதவில்லை. அதை மறைத்தது நான்.

நாகலூர்ப் பக்கம் எங்களுக்கு ரெண்டு ஏக்கர் காப்பி. மேல்தோட்டத்துக்காரரிடம் காப்பிப் பழம் உரிக்கும் மெஷின் உண்டு. பழத்தோலும் கழுவின தண்ணீரும் அங்கிருந்து ஓடையில் இறங்கும். அந்த மார்கழியில் அவர் கூடுதல் பழம் உரிக்க, ஓடையோரத்து எங்கள் கிணறு காப்பி நிறத்துக்கு வந்து நாறியது. இரண்டு முறை போய்ச் சொன்னார் அப்பா. "பாக்கலாமுங்க" என்றார் அவர். அவ்வளவுதான்.

நான் அப்போதுதான் கல்லூரி முடித்து வந்திருந்தேன். கை சும்மா இருக்காது. ஓடையைப் படமெடுத்தேன், கிணற்றுத் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்தேன், இடைக்காலத் தடை என்றால் என்ன என்று ஒரே ராத்திரியில் படித்து முடித்து, அப்பாவை இழுத்துக்கொண்டு சேலம் பஸ் ஏறினேன்.

வக்கீலம்மா எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார். "எதிர்த்தரப்பைக் கேக்காமலே அவசரமா தடை கேக்கறோம். ஜட்ஜ் நம்ம வார்த்தையை மட்டும் நம்பித்தான் கொடுப்பாங்க. உங்களுக்குப் பாதகமா ஏதாவது இருந்தா இப்பவே சொல்லிடுங்க."

அப்பா வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன். ஒன்றும் இல்லை என்றேன்.

இருந்தது. மெஷின் இல்லாதவர்கள் இருக்கிறவர் வீட்டில் உரித்துக்கொள்வது எங்கள் பக்க வழக்கம். போன வருஷம் வரை எங்கள் பழமும் அதே மெஷினில், அதே ஓடையில் கழுவப்பட்டதுதான். திரும்பி வரும் பஸ்ஸில் அப்பா மெதுவாகக் கேட்டார், "அதச் சொல்லிருக்க வேண்டாமா கண்ணு?" அது போன வருஷக் கதை, வழக்கு இந்த வருஷத்துக் கிணற்றுக்கு என்றேன். பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டது அவர். அவர் பெயரில்தான் வழக்கு.

முன்சீப் கோர்ட்டில் தடை கிடைத்தது. அடுத்த வாய்தா வரை கழிவுத் தண்ணீரை ஓடையில் விடக் கூடாது. மனுவையும் ஆவணங்களையும் அன்றைக்கே பதிவுத் தபாலில் எதிர்த்தரப்புக்கு அனுப்பி, அனுப்பியதாக மறுநாள் கோர்ட்டில் பத்திரம் போட வேண்டும். வக்கீலம்மா அதைச் செய்தார். தபால் போய்ச் சேரும்வரை எனக்குப் பொறுக்கவில்லை. உத்தரவின் நகல் கைக்கு வந்ததும் நேரே மேல்தோட்டத்துக்காரர் வீட்டு கேட்டுக்குப் போய் நீட்டினேன்.

களத்தில் அன்று பறித்த பழம் மூட்டை மூட்டையாக நின்றது. படித்துப் பார்த்தார். கோபப்படவில்லை.

"கண்ணு, இந்தப் பழத்த மட்டும் உரிச்சுக்கறேன். ஒரு நாளு வெச்சா புளிச்சுப் போயிரும். குழி வெட்டித் தண்ணிய அதுல விட்டுக்கறேன். பாறை, நாலு நாள் ஆவும். அதுவரைக்கும் அப்பாவப் பொறுக்கச் சொல்லு."

"அத ஜட்ஜுகிட்ட சொல்லுங்க" என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது அந்த வார்த்தை. மெஷினை அவர் ஓட்டவில்லை. பழத்தை அப்படியே களத்தில் பரப்பினார். பனி மூடி, வெயிலே வரவில்லை. எங்கள் வேலியில் நின்றால் பூஞ்சை வாசம் வந்தது. அப்பா அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டார்.

வாய்தா அன்று அவருடைய வக்கீல் தடையை நீக்கக் கோரி மனு போட்டார். கூடவே ஒரு வீடியோ. போன வருஷம் நான் எடுத்து இணையத்தில் போட்டதுதான். 'எங்க தோட்டத்துப் பழம்' என்று நான் சிரிக்கிறேன். எனக்குப் பின்னால் அதே மெஷின், அதிலிருந்து ஓடைக்கு இறங்கும் தண்ணீர். அவர் மகன் தேடி எடுத்திருக்கிறான்.

அப்பாவின் பக்கம் திரும்ப எனக்குத் துணிவில்லை. முக்கிய விவரத்தை மறைத்து வாங்கிய தடை என்று சொல்லி நீதிபதி அதை நீக்கினார். கிணறு கெட்டதா இல்லையா என்பது விசாரணையில் தெரியட்டும், வழக்கு நடக்கட்டும் என்றார். வராந்தாவில் வக்கீலம்மா என்னைக் கேட்டார், "நான் கேட்டேனே?" அப்பா குறுக்கே வந்து, "நாந்தாங்க மறந்துட்டேன்" என்றார். அதையும் நான் மறுக்கவில்லை.

தடை நீங்கியும் அவர் தண்ணீரை ஓடையில் விடவில்லை. குழி வெட்டி முடித்திருந்தார். கிணறு தெளிய ஆரம்பித்தது.

அடுத்த வாரம் எங்கள் பழம் பழுத்தது. உரிக்க வேறு இடம் இல்லை. போய்க் கேள் என்று அப்பா என்னைத்தான் அனுப்பினார். அதே கேட். பிறந்ததிலிருந்து என்னைக் கண்ணு என்று கூப்பிட்டவர் எழுந்து நின்றார்.

"வாங்க. பழத்தக் கொண்டாரச் சொல்லுங்க. குழியில எடமிருக்குதுங்க."

சரிங்க என்றுதான் சொல்ல முடிந்தது.