அமுதவல்லி எடுக்காத வரி

மரக்காணம் உப்பளத்தின் கூலிப் பதிவேட்டில் ஒன்பது வருடமாக அமுதவல்லியின் பெயருக்கு எதிரே ஒரே சொல்தான்: சுமை. கடைசி ஆறு வருடம் அவள் கூடையையே தொடவில்லை. பாத்தித் தண்ணீரில் அடர்த்தி பார்க்கும் கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டு, அது இருபத்தைந்து டிகிரி அடர்த்தி காட்டினால் உப்பு விழும் என்பாள். இருபத்தொன்பது தாண்டினால் கசக்கும், வடித்துவிடு என்பாள். உப்பில் அயோடின் போதுமா என்ற சோதனையும் அவள் கையில்தான். அறிக்கையில் கையெழுத்து மட்டும் முதலாளி வெங்கடாசலத்தின் மருமகன் சரவணகுமாருடையது. அவனிடம் பட்டம் இருந்தது.

புதுச்சேரியில் ஒரு பரிசோதனைக் கூடத்துக்கு உதவியாளர் வேண்டுமாம். விண்ணப்பத்தோடு இணைய ப்ரொஃபைலும் கேட்டிருந்தார்கள். கூனிமேட்டுக் கம்ப்யூட்டர் சென்டரில் வேலை செய்யும் தோழி சகாயசெல்வி மளமளவென்று அடித்தாள்.

“‘உப்புத் தர நிபுணர், துடிப்பான தலைவி’. எப்படிடீ?”

“யாருடீ அந்தத் தலைவி? நான் யாருக்கும் தலைவி இல்ல. அழி.”

“எல்லாரும் இப்படித்தான் போடறாங்க.”

“எதிர்ல உக்காந்து ரெண்டு கேள்வி கேட்டா நிபுணர் என்ன சொல்லுவா? செஞ்சத மட்டும் போடு.”

அமுதவல்லி சொல்லச் சொல்லச் செல்வி அடித்தாள்: ‘உப்புநீரின் அடர்த்தி அளப்பதில் ஆறு ஆண்டு அனுபவம். மாதம் நாற்பது மாதிரிகளுக்கு அயோடின் சோதனை. படிப்பு பன்னிரண்டாம் வகுப்பு. ஆய்வகப் பட்டம் இல்லை. சோதனை என்னுடையது, அறிக்கையில் கையெழுத்து வேறொருவருடையது.’

“கடைசி வரி வேணாம்டீ.”

“அறிக்கையக் கேட்டா அவன் பேருதானே இருக்கும்? அப்ப நான் பொய்க்காரி ஆவேன்.”

நான்காம் நாள் வெங்கடாசலம் கூப்பிட்டனுப்பினார். ப்ரொஃபைல் சரவணகுமாரின் செல்லில் திறந்திருந்தது.

“ஏம்மா, எங்க மானத்த ஊருக்கே ஏலம் போடறியா? ‘சோதனைக்கு உதவினேன்’னு மாத்திடு. அவங்க போன் பண்ணா நல்லவிதமா சொல்றேன்.”

“யாருக்குங்க உதவினேன்? இவரு அந்தச் சோதனைக் கொட்டாய்க்குள்ள ஒரு நாளாச்சும் வந்திருக்காரா?”

சரவணகுமார் செல்லைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான். வெங்கடாசலம்தான் பேசினார்.

“அப்ப நாளையிலிருந்து கூடை எடு. இல்லன்னா வராத.”

அவள் வரியை எடுக்கவில்லை, கூடையையும் எடுக்கவில்லை. பரிசோதனைக் கூடத்தார் உப்பளத்துக்குப் போன் செய்தார்கள். பதிவேட்டைப் பார்த்துப் பதில் சொன்னார் வெங்கடாசலம்: அந்தப் பொண்ணு சுமை தூக்கறவ. ஒருவனுடைய கையெழுத்தை நம்பி ஊரே உப்புத் தின்கிறது. சோதித்தவளின் சொல்லை நம்ப ஒருவரும் இல்லை. ‘தங்கள் பணி அனுபவம் உறுதிப்படவில்லை’ என்று மின்னஞ்சல் வந்தது.

“இப்பவாச்சும் நிபுணர்னு போடட்டுமா?” என்றாள் செல்வி. சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

“வேணாம். உப்பள வேலைக்கு எதிர்ல ‘தற்போது வரை’ன்னு இருக்குதே, அத எடுத்துட்டு இந்த மாசத்தப் போடு. அங்க நான் இப்ப வேலை செய்யல இல்ல?”

செல்வி மாதத்தைத் தேர்ந்தெடுத்துச் சேமித்தாள். மற்ற வரிகள் அப்படியே இருந்தன.