ஒரே சாலை, மூன்று வேகத்தடை

என் தம்பி லாரிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டுகிறவன். நாமக்கல் பைபாஸில் லாரி பாடி கட்டும் பட்டறைகளுக்கு நடுவே அவன் கடை. நான் திருச்செங்கோட்டில் வீட்டில் உட்கார்ந்தபடி, போர்வெல் வண்டிகளின் உதிரிபாகக் கணக்கைப் பார்க்கும் மென்பொருளை எழுதிச் சம்பளம் வாங்குகிறேன். இரண்டு வேலையிலும் பெருமைப்பட ஒன்றுமில்லை, குறைபட்டுக்கொள்ளவும் ஒன்றுமில்லை. ஆனால் எங்கள் இருவருக்கும் ஒரு பைத்தியம் உண்டு. நாமே ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டைச் செய்து வெளியிட வேண்டும். நிரல் நான், படம் அவன்.

இதற்கு முன் சில விளையாட்டுகளை ஆரம்பித்திருந்தோம். எதுவும் முடியவில்லை. பாதி வந்ததும் எழுதியது எனக்கு அசிங்கமாகத் தெரியும். தூக்கிப்போட்டுவிட்டு முதலிலிருந்து எழுதுவேன். அதுவும் பாதியில் அசிங்கமாகும். "கோலத்துல ஒரு புள்ளி வளைஞ்சு போச்சுன்னா வாசலையே பேத்துப்போட்டுப் புதுசா போடறவங்க நீங்க" என்பான் தம்பி. எனக்குக் கோபம் வரும். அவன் சொன்னது சரி என்பதால் கூடுதலாகவே வரும்.

அப்படித்தான் கேம் ஜாமுக்கு வந்தோம். ஒரு தலைப்பு கொடுப்பார்கள். உலகம் முழுக்கப் பலரும் அந்த வார இறுதிக்குள் ஒரு விளையாட்டைச் செய்து ஏற்றிவிட வேண்டும். அழகாக எழுத நேரமே கிடையாது என்பதால் எனக்கு அது பொருத்தமான மருந்து என்று தம்பி நினைத்தான். இந்த வருடம் கத்திரி வெயிலில் வந்த ஜாமில் தலைப்பு 'சமநிலை'. தம்பி மூட்டை முடிச்சோடு என் வீட்டுக்கு வந்துவிட்டான். மின்விசிறி அனல் காற்றை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. என் பழைய லேப்டாப்பின் அடியில் ஈரத்துணி வைத்திருந்தோம்.

விளையாட்டு இதுதான்: முட்டை ஏற்றிய லாரி ஒன்று சாலையில் போகிறது. உங்களிடம் இருப்பது பிரேக் மட்டும். மூன்று வேகத்தடைகள். ஒவ்வொன்றின் மேலும் ஏறி இறங்கும்போது ட்ரேக்கள் ஆடும். நேரம் பார்த்துப் பிரேக்கைத் தொட்டால் ஆட்டம் அடங்கும். தப்பினால் மஞ்சள் கரு வழியும். தம்பி வரைந்த லாரி அவ்வளவு அழகு. பின்பக்கம் மயில், பக்கவாட்டில் செவ்வந்தி மாலை. அந்த ஆட்டம் இன்னும் அழகு. ட்ரேக்கள் ஒரு பக்கம் சாய்ந்து, விழப்போவது போல நின்று, மனம் மாறித் திரும்பும். நாங்கள் இருவரும் மாறி மாறி விளையாடிச் சிரித்தோம். ஏதோ ஒன்று கையில் அகப்பட்டுவிட்டது என்று தெரிந்தது.

ஏற்றிய பிறகு கருத்துகள் வந்தன. சிலர் கொண்டாடினார்கள். மற்றவர்கள், முதல் வேகத்தடையிலேயே எல்லா முட்டையும் உடைகிறது, விளையாடவே முடியவில்லை என்றார்கள். "இவனுகளுக்கு லாரி ஓட்டத் தெரியலீங்க்கா" என்றான் தம்பி. நானும் சேர்ந்து சிரித்தேன்.

இதை முழு விளையாட்டாக வளர்ப்பது என்று முடிவாயிற்று. மலைப்பாதை, மழை, டோல்கேட், ஆத்துப்பாலம் என்று தம்பி ஆசைப்பட்டான். எப்படி வளர்ப்பது என்பதில்தான் சண்டை. ஜாமில் எழுதியதன் மேலேயே கட்டுவதா, அதை ஓரமாக வைத்துவிட்டுப் புதிதாக எழுதுவதா? நான் அந்த நிரலைத் திறந்து பார்த்தேன். எல்லாம் ஒரே கோப்பில் கிடந்தது. இரண்டாவது சாலை என்று ஒன்று வரக்கூடும் என்ற நினைப்பே அதில் இல்லை. வேகத்தடை இருக்கும் இடங்கள் கூட எண்களாக நடுவில் செருகப்பட்டிருந்தன. இதன் மேல் மாடி கட்ட முடியாது என்றேன். தம்பி, மாடி வேண்டாம், பக்கத்தில் ஒரு ரூம் இழுத்தால் போதும் என்றான். வாரக்கணக்கில் போனிலேயே பேசினோம். ஆனி மாதம் அப்படியே போயிற்று.

அவன் அவசரப்பட்டதற்குக் காரணம் இருந்தது. ஆடியில் யாரும் புது வண்டி இறக்க மாட்டார்கள். ஸ்டிக்கர் கடை ஈயடிக்கும். ஆவணி பிறந்தால் வண்டிகள் வரிசைகட்டும், ஆயுத பூஜை வரை தலை நிமிர முடியாது. அதோடு, பக்கத்துக் கடை காலியாக இருந்தது. அதையும் எடுத்து ஸ்டிக்கர் வெட்ட இன்னொரு கட்டிங் மெஷின் போடலாம் என்று வீட்டில் எல்லோரும் அவனை நெருக்கிக்கொண்டிருந்தார்கள். அப்படிப் போட்டால் அவனுக்கு வேறெதற்கும் கை ஒழியாது.

"ஆடி முழுக்க உங்களுக்குத்தானுங்க்கா. அதுக்குள்ள இது ஒரு உருவத்துக்கு வந்துட்டா மெஷின் வேண்டாம்னு சொல்லிப்போடுவேன். வரலீன்னா நான் கடையைப் பாக்கறேன். மறுக்கா மறுக்கா ஆரம்பிக்கறதுக்கு எனக்குத் தெம்பில்லீங்க" என்றான்.

எனக்கும் தெம்பில்லை. பகலில் உதிரிபாகம், சாயங்காலம் முட்டை. என்றாலும் புதிதாகவே எழுதுவது என்று முடிவெடுத்தேன். ஒரே மாதம், இந்த முறை சுத்தமாக, கடைசி முறையாக என்றேன். அவன், மலைப்பாதையை வரைய ஆரம்பிக்கட்டுமா என்று மட்டும் கேட்டான். படங்களின் அளவு மாறும், லாரியின் அளவே மாறலாம், இப்போது வரைந்தால் வீணாகிவிடும், கொஞ்சம் பொறு சாமி என்றேன்.

அவன் பொறுத்தான். ஆடி முழுக்க, ஆளில்லாத கடையில், சும்மா உட்கார்ந்து பொறுத்தான்.

ஆடி முடியும் தறுவாயில் பழையதும் புதியதும் இருந்த பென்டிரைவோடு, லேப்டாப்பையும் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். புதியதில் லாரியும் ட்ரேக்களும் ஒரு வெறும் சாலையும்தான் இருந்தன. சத்தம் இல்லை, மயில் இல்லை. ஆனால் உள்ளே எழுதியது பளிங்கு மாதிரி இருந்தது. அவன் கடைக் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்தேன். அது டிசைன் வேலைக்கென்று வாங்கிய நல்ல வேகமான மெஷின்.

முதல் வேகத்தடையிலேயே எல்லா முட்டையும் உடைந்தது. மறுபடி ஆடினான். மறுபடியும் உடைந்தது.

"இது நம்ம லாரி இல்லீங்க்கா."

"அதே எண்தான்டா போட்டிருக்கேன். ஒண்ணு கூட மாத்தலை."

"ட்ரே வெடுக்குவெடுக்குன்னு ஆடுது. பழசுல நின்னு யோசிக்கும்."

எனக்கு ஆத்திரமாக வந்தது. வீட்டில் ஆடியபோதே ஏதோ விறைப்பாக இருப்பது எனக்கும் தெரிந்திருந்தது. அப்புறம் சரிசெய்துகொள்ளலாம் என்று தள்ளி வைத்திருந்தேன். இரண்டும் ஒன்றுதான் என்று காட்டுவதற்காகப் பழையதை அதே கம்ப்யூட்டரில் ஓடவிட்டேன். லாரி வேகத்தடையைத் தொட்டது. ட்ரேக்கள் கண்மூடித் திறப்பதற்குள் சிதறின. புதியதை விட மோசம். மயில் லாரி, செவ்வந்தி மாலை, எல்லாம் அதேதான். முட்டை மட்டும் ஒன்று மிச்சமில்லை.

லேப்டாப்பை எடுத்து அதிலும் பழையதை ஓடவிட்டேன். ட்ரேக்கள் சாய்ந்தன, நின்றன, மனம் மாறித் திரும்பின.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. விளையாட்டு என்பது நொடிக்குள் பலமுறை மாற்றி மாற்றி வரையப்படும் படம். வேகமான கம்ப்யூட்டர் அதிகமுறை வரையும், மெதுவானது குறைவாக வரையும். லாரி ஓடுவதைக் கடிகாரத்தை வைத்துக் கணக்கிட்டிருந்தேன். ட்ரே ஆடுவதை மட்டும், ஜாம் அவசரத்தில், ஒவ்வொரு முறை வரையும்போதும் இவ்வளவு ஆடு என்று எழுதியிருந்தேன். கத்திரி வெயிலில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த என் லேப்டாப் மிக மெதுவாக வரைந்தது. அதனால்தான் அந்த ஆட்டம் நின்று யோசித்தது. புதிதாக எழுதியபோது, எல்லாக் கம்ப்யூட்டரும் நொடிக்கு அறுபது முறை வரையும் என்று வைத்துக்கொண்டு அதே எண்ணை அறுபதால் பெருக்கி நொடிக் கணக்காக்கியிருந்தேன். என் லேப்டாப் அதில் பாதி கூடத் தேறவில்லை.

லாரி ஓட்டத் தெரியாதவர்கள் என்று நாங்கள் சிரித்தவர்கள் எல்லாம் நல்ல கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்கள். பாராட்டியவர்களிடம் என்னுடையதைப் போல ஒரு கிழட்டு மெஷின் இருந்திருக்க வேண்டும்.

அங்கேயே உட்கார்ந்து பழைய நிரலைத் திறந்தேன். என் லேப்டாப் நொடிக்கு எத்தனை முறை வரைகிறது என்று எண்ணிப் பார்த்து, எந்தக் கம்ப்யூட்டராக இருந்தாலும் ட்ரேயின் கணக்கை மட்டும் அதே நிதானத்தில் போடும்படி கட்டிப்போட்டேன். தம்பி டீ வாங்கி வந்து ஆறவைப்பதற்குள் முடிந்துவிட்டது. கடைக் கம்ப்யூட்டரில் போட்டேன். அவன் ஆடினான். இரண்டு வேகத்தடை தாண்டி மூன்றாவதில் தோற்றான். கேட்காமலே மறுபடி ஆரம்பித்தான். மறுபடி தோற்றான், மறுபடி ஆரம்பித்தான். டீயில் ஆடை படிந்தது.

"வந்துருச்சு" என்றான் கடைசியில்.

எனக்கு வந்த சந்தோஷத்தில், "இனி பழசு மேலேயே கட்டறேன். மலைப்பாதையை வரைய ஆரம்பி" என்றேன்.

அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கட்டிங் மெஷினுக்குச் சொல்லிப்போட்டேனுங்க்கா. பக்கத்துக் கடைச் சாவியும் வாங்கியாச்சு. ஆவணி மொத முகூர்த்தத்துக்கே ஏழெட்டு வண்டி இருக்குது."

வாசலில் அப்போதே ஒரு லாரி வந்து நின்றது. அவன் எழுந்து போய் ஓனரிடம் பேசினான். நான் பாழாக்கியது நிரலை அல்ல, அவனுடைய ஆடி மாதத்தை என்று புரிந்தது. டீ கிளாசைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வந்து பார்த்தவன், "அட, கண்ணைத் தொடைங்க்கா, ஓனரு பாக்கறாரு" என்றான். அவனுக்குக் கோபம் இல்லை. அசதிதான் இருந்தது. கோபம் இருந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

புதிதாக எழுதியதை மூடிவைத்தேன். மலையும் மழையும் ஆத்துப்பாலமும் வேண்டாம் என்று விட்டேன். இருக்கிற ஒரே சாலை, மூன்று வேகத்தடை, அவ்வளவையும் ஒழுங்காக முடிப்பது. மூன்றாவதைத் தாண்டினால் என்ன ஆகிறது என்று எங்கள் விளையாட்டில் எதுவுமே இல்லை. ஜாமில் நேரம் போதவில்லை, திரை கறுத்துப்போகும், அவ்வளவுதான். எந்த விளையாட்டுக்கும் நான் முடிவு எழுதியதே இல்லை. ஒரே ஒரு படம் மட்டும் வேண்டும் என்று தம்பியிடம் கேட்டேன்.

ஆயுத பூஜைக்கு முந்தைய வாரத்தில் ஒரு மத்தியானம் அது போனில் வந்தது. கடையில் நின்ற வாக்கில் வரைந்திருக்கிறான், கோடுகளில் அவசரம் தெரிந்தது. லாரி ஒரு கடை முன்னால் நிற்கிறது. பின்கதவு திறந்திருக்கிறது. உள்ளே ட்ரேக்கள் அத்தனையும் முழுசாக இருக்கின்றன. இறக்குவதற்கு ஆள் யாரும் இல்லை. கீழே எழுதியிருந்தான்: "அளவு மாறாதுங்களே?"

மாறாது சாமி என்று பதில் போட்டுவிட்டு, அந்தப் படத்தைக் கடைசியில் சேர்த்து விளையாட்டை வெளியிட்டேன்.