நடு வரி

புதுக்கோட்டையில் ஒரு அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் வேலையில் இருந்தேன். குடும்பத்தில் எழுத்துத் தெரிந்த முதல் ஆள் நான். அந்தக் கர்வத்தில், நோட்டீசு அடிக்க வருபவர்களுக்கு வாசகமும் எழுதிக் கொடுப்பேன்.

குழந்தை டானிக் விற்கும் வியாபாரி ஒருவர் வந்தார். சோர்ந்த குழந்தையின் படம். அதற்குக் கீழே மூன்றே வரி வேண்டுமாம். முதல் வரியில் குறையைச் சொல்ல வேண்டும், இரண்டாவதில் அதைக் கிளறிவிட வேண்டும், மூன்றாவதில் மருந்தை நீட்ட வேண்டும். "குழந்தை மெலிந்திருக்கிறதா? பசியில்லாத பிள்ளை துவண்டுபோகும். பசியைத் தூண்டும் எங்கள் டானிக் கொடுங்கள்" என்று எழுதினேன்.

"நடு வரி சப்புன்னு இருக்கு தம்பி. ஆத்தாகாரிக்கு வயித்தக் கலக்கணும்ல" என்றார்.

நடு வரியை மாற்றினேன்: "தாயே, உன் அசட்டைக்குப் பிள்ளை பலியாகலாமா?" அவர் தொடையில் தட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன். இன்று நினைத்தால் அந்தச் சிரிப்புதான் முதலில் உறுத்துகிறது.

அடுத்த வாரம் திருமயத்தில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். சந்தையில் கொடுத்த நோட்டீசை மடித்து வைத்திருந்தாள். "படத்தப் பாத்ததுமே பக்குன்னுச்சு. என்ன போட்டிருக்குன்னு வாசிடா" என்றாள்.

முதல் வரியை வாசித்தேன். நடு வரியைத் தாண்டி மூன்றாவதுக்குப் போனேன்.

"மூணு வரி இருக்கு, ரெண்டுதான வாசிச்ச? எழுத்துத் தெரியாட்டி எண்ணவுமா தெரியாது?"

வாசித்தேன். இடுப்பில் இருந்த பிள்ளையை அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எங்கள் குடும்பத்து மெலிந்த உடம்புதான் அதற்கு. காய்ச்சல் கிடையாது, வயிற்றுக்கோளாறு கிடையாது, அவள் தட்டிலிருந்தே கையை விட்டு அள்ளித் தின்னும்.

"நான் அசட்டையாவாடா இருந்தேன்?"

முதல் வரியில் கேட்டது பார்த்தால் தெரிகிற விஷயம். நான் முன்பு எழுதிய நடு வரியும், பசியெடுக்காத பிள்ளைக்கு உண்மை. இந்த வரி அவளிடம் இல்லாத குற்றத்தை அவள் தலையில் கட்டியது. அதற்குப் பரிகாரம் போலப் புட்டியை நீட்டியது.

"அக்கா, இதை எழுதினதே நான்தான். விக்கிறதுக்காக எழுதினது. பிள்ளைக்கு ஒண்ணுமில்ல. சந்தேகமா இருந்தா ஆஸ்பத்திரியில காட்டுவோம்."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "நீ எழுதினதா? அப்பச் சரியாத்தான் இருக்கும். படிச்சவன் நீ பொய்யா எழுதுவ?"

மறுநாள் வியாபாரியிடம் போய் அந்த வரியை எடுத்துவிடச் சொன்னேன். "அந்த வரிக்குத்தான் தம்பி சனம் வருது. இன்னும் ரெண்டு கட்டு அடிங்க" என்றார். முடியாது என்றேன். எதிர் அச்சகத்தில் அடித்துக்கொண்டார், என் வரியை அப்படியே வைத்து.

மறுபடி போனபோது அக்கா வீட்டில் புட்டி பாதி காலி. டானிக் கரண்டியை வாய்க்குக் கொண்டுபோனதும் பிள்ளை திமிறியது. "காலைப் புடிடா" என்றாள். பிடித்துக்கொண்டேன்.