மொக்கம்மாளின் இருபது வாளி

என் நாத்தனார் கல்யாணப் பந்தியில்தான் மொக்கம்மாள் கதையை முதலில் கேட்டேன். நாத்தனாருக்கு அவள் ஓர்ப்படியாள். முன்பு சின்னமனூர் சாப்பாட்டுக் கிளப்புக்கடையில் பாத்திரம் கழுவினாள். கடைச் சாக்கடை எண்ணெய்ப் பிசுக்கால் அடைத்துக்கொண்டது. வெள்ளிக்கிழமைக்குள் சரிசெய்யாவிட்டால் கடையை மூடுவதாகச் சுகாதார இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டார். மூடினால் அவள் வேலையும் போகும். பிசுக்கைப் பிடிக்க, கொத்தனார் அடுப்படிச் சுவரோரம் இரண்டு வாளி கொள்ளும் தொட்டி கட்டினார்.

“அண்ணே, சந்தையன்னைக்கு ஒரே மூச்சுல இருபது வாளி சுடுதண்ணி ஊத்துவேன். ஆறாம, நிக்காம ஓடுனா எண்ணெய் எப்பிடி மேல மிதக்கும்?”

“அப்ப நீயே கட்டு, ஆத்தா.”

சொன்னாரே தவிர, அதை இடித்துவிட்டுப் பத்தடி தள்ளி, சாக்கடைக்கு முன்னால், நாற்பது வாளித் தொட்டி கட்டினார். அடித்தண்ணீர் மட்டும் வெளியேறும்படி குழாயை உள்ளே தாழ வளைத்தார். வியாழக்கிழமைச் சந்தையன்று, தண்ணீர் நிரப்பிய தொட்டிக்குள் இருபது வாளியும் போகும்படி அவள் ஒரே மூச்சில் ஊற்றினாள். எண்ணெய் மேலே படர்ந்து நின்றது. சாக்கடையில் வெறும் தண்ணீர் ஓடியது. மறுநாள் வந்த இன்ஸ்பெக்டர் கடையை மூடச் சொல்லவில்லை.

மொக்கம்மாள் இப்போது மார்க்கையன்கோட்டையில் மகள் வீட்டில் இருக்கிறாள்.