எழுபது சதவீதத் தூசி

வீடியோ எடிட்டிங் ஆபீஸில் அவளுக்குப் பதினஞ்சக்கா என்று பெயர். புது வீடியோவைப் பழைய பிலிம் போலக் காட்ட அதன்மேல் தூசி, ஒளிக்கசிவு, பொடிப்பொடியான கிரெயின் என்று லேயர் லேயராகப் போடுவார்கள் இல்லையா, அதில் எதையும் அவள் பதினைந்து சதவீதத்துக்கு மேல் ஏற்றமாட்டாள். “தூசி இருக்குன்னு பார்க்கிறவங்களுக்குத் தெரிஞ்சுதுன்னா நாம தோத்தோம்” என்பாள்.

மற்றவர்கள் செய்வதைப் பார்த்தால் அவளுக்குக் குமட்டும். ஒரே தூசி கிளிப்பைச் சுற்றிச் சுற்றி ஓடவிடுவார்கள்; நாலு நொடிக்கு ஒருதரம் அதே முடி அதே மூலையில் நெளியும். சாப்பாட்டில் முடி கிடந்த மாதிரி முகத்தைச் சுளிப்பாள். தூசி கிளிப்பை வெட்டி, இடவலம் மாற்றி, சிலதைத் தலைகீழாக்கித்தான் அவள் போடுவாள். ஒளிக்கசிவு என்றால் இரண்டு ஷாட் சேரும் இடத்தில் ஒரு கணம் எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவிட வேண்டும். முகம் பெரிதாக வரும் ஷாட்டில் தூசியே கூடாது.

அன்று வந்த வேலை ஒரு நினைவுக் கூட்டத்துக்கானது. போன வருஷம் தவறிப்போன தம்பியின் செல்போன் கிளிப்புகளை எடுத்துக்கொண்டு அவனுடைய அக்கா வந்திருந்தாள்.

“பழைய படம் மாதிரி பண்ணிக் குடுங்க. அம்மாவுக்குப் பார்வை கொஞ்சம் மங்கல். பெரிய திரையில பார்த்தா அவன் முகம் தெரியும்னு வருஷம் பூரா காத்திட்டிருக்காங்க.”

எடிட் முடிந்தது. முதலாளி அதை வாட்ஸப்பில் வாங்கி, உள்ளங்கை அகலத் திரையில் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“என்னக்கா இது, ஒண்ணுமே தெரியலையே? ரெட்ரோ கேட்டாங்க. எழுபது வைங்க.”

“வாட்ஸப்ல அனுப்பினா சுருக்கிடும் சார், கிரெயினெல்லாம் கரைஞ்சு போயிடும். பெரிய திரையில எழுபது அசிங்கமா இருக்கும். முகத்து மேல வேற ஓடும்.”

“இருபது வருஷமா இதே பாட்டுத்தானா? சொன்னதைச் செய்யுங்கக்கா.”

அவர் வாயில் பாக்கு மென்றபடி இதைச் சொன்னது இன்னும் அருவருப்பாக இருந்தது. சரி, வைக்கிறேன், பெரிய திரையில் பட்டுத் தெரிஞ்சுக்கோ என்று மனசுக்குள் கறுவிக்கொண்டாள். எழுபதை வைத்தாள். அதுவும் தூசியைக் கறுப்பாகவே விட்டாள். தன்னுடைய பதினைந்தையும் அதே போல்டரில் போட்டுக்கொண்டாள். வழக்கமாக எந்த அரங்கத்துக்கும் ஒரு மணி நேரம் முன்பே போய் ஓட்டிப் பார்ப்பவள், அன்று வேண்டுமென்றே கடைசி நிமிஷத்தில் போய் லேப்டாப்பை இணைத்தாள். முதலாளி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நல்லா மாட்டினான் என்று அவளுக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

விளக்கை அணைத்தார்கள். திரையில் அந்தப் பையன் கேமராவைப் பார்த்துச் சிரித்தான். கண்ணோரத்தில், மூக்கில், திறந்த வாயில் எல்லாம் கறுப்புத் துகள்கள் துள்ளித் துள்ளி விழுந்தன. நடுவில் ஒளிக்கசிவின் ஆரஞ்சு வெளிச்சம் வந்து பாதி முகத்தை விழுங்கியது. யாரோ “ச்சே” என்றார்கள்.

முன்வரிசையிலிருந்து அம்மா எழுந்தாள். கையை நீட்டித் துழாவித் துழாவி நேராகத் திரைக்குப் போனாள்.

“ஐயோ, பிள்ளை மூஞ்சில ஈ மொய்க்குதே! யாரும் பார்க்கலையா? ஓட்டுங்களேன்!”

கைக்குட்டையை எடுத்து மகனின் கன்னத்தில் வீசினாள். ஈ போகவில்லை. மறுபடி வீசினாள். அவள் நிழல் விழுந்து அவன் முகமும் மறைந்தது.

பதினஞ்சக்காவுக்கு முதலாளி மேல் இருந்த அருவருப்பெல்லாம் திரும்பி அவள்மேலேயே விழுந்தது. அடிப்பாவி, தெரிஞ்சேதானே பண்ணினே! ஓடிக்கொண்டிருந்ததை நிறுத்தி, தன்னுடைய பைலைத் திறந்து அதே இடத்துக்கு ஓட்டினாள். பையனின் அக்கா ஓடிவந்து அம்மாவைப் பிடித்து உட்கார வைத்தாள். இப்போது திரையில் பையன் சுத்தமான முகத்தோடு சிரித்தான். அம்மா மூச்சு விடாமல் பார்த்தாள்.

முடிந்ததும் முதலாளி குனிந்து வந்தார்.

“பார்த்தீங்களாக்கா? திரையையே தொட வந்துட்டாங்க. அவ்வளவு பீல்! அந்த எழுபதையே நம்ம சாம்பிளா வச்சுக்கலாம்.”

“தூ” என்றாள் அவள், அவர் முகத்துக்கு நேரே. ஆனால் அந்தத் தூவில் பாதி யாருக்கு என்று அவளுக்குத் தெரியும்.

வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது மகளின் தோளைப் பிடித்தபடி அம்மா வந்தாள். பதினஞ்சக்காவின் கையைத் தேடிப் பிடித்து, இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள்.

“நீதானேம்மா அந்த ஈயெல்லாம் ஓட்டினது? என் மக சொன்னா. நீ நல்லா இருக்கணும்.”

கையை உருவிக்கொள்ள அவளால் முடியவில்லை.